கம்பெனிக்கும் பட்டம் உண்டு: உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கடமை நாட்காட்டி

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கும் குழுக்கள் எழுதும் திட்டத்தில் எத்தனை டன் நெல் வாங்குவது, செக்கு எங்கே போடுவது, யாருக்கு விற்பது எல்லாம் இருக்கும். பதிவாளருக்கும் வரித்துறைக்கும் எந்தத் தேதியில் என்ன கொடுக்க வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்ற பக்கம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தப் பாடம்.

2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசு 10,000 உற்பத்தியாளர் நிறுவனங்கள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி உண்டு. கணக்கு எழுத, படிவம் போட, வழிகாட்ட ஒரு துணை அமைப்பும் கூட இருக்கும். இந்தக் காலத்தில் படிவங்கள் போவது நமக்குத் தெரியவே தெரியாது. உதவி நின்றபின் அதே படிவங்கள் நம் தலையில் விழும். நாட்காட்டி இல்லாத கம்பெனி அங்கேதான் தடுக்கி விழுகிறது.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 300 உறுப்பினர்கள், ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு என்றால் நம் பங்குத்தொகை 3 லட்சம். ஆண்டுக் கணக்குப் படிவம், ஆண்டு விவரப் படிவம் இரண்டையும் தாமதித்தால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். உச்சவரம்பு கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு 200. ஓராண்டு தூங்கினால் 73,000. அதாவது 73 உறுப்பினர்கள் போட்ட பணம் ஒன்றுமில்லாமல் போகிறது. கம்பெனி சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அபராதம் பாதிக்கு மேல் விதிக்கக் கூடாது என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் தாமதக் கட்டணம் அபராதக் கணக்கில் வராது. அதற்கு அந்தச் சலுகை இல்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். 2017இல் நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. லட்சக்கணக்கான இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள்.

கடமைகள் நான்கு வகை

நாட்காட்டி போடுவது என்றால் எல்லாத் தேதியையும் ஒரே பட்டியலில் கொட்டுவதல்ல. உழவில் நாள் எண்ணுவது எப்படியோ அப்படித்தான் இதுவும். களை எடுப்பதை நடவு நாளிலிருந்து எண்ணுகிறோம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து விதைக்கிறோம். பூச்சி கண்ணில் பட்டால்தான் கரைசல் தெளிக்கிறோம். கம்பெனிக் கடமைகளும் இப்படிப் பிரிகின்றன:

1. கம்பெனி பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. ஒரே முறை வரும்.
2. ஆண்டுதோறும் அதே தேதியில் வருவது.
3. வேறொரு நிகழ்விலிருந்து எண்ணுவது. பேரவைக் கூட்டம் நடந்த நாள், லைசென்ஸ் முடியும் நாள் போன்றவை.
4. ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் முளைப்பது.

முதல் இரண்டு வகையை ஆடிட்டர் நினைவில் வைத்திருப்பார். மூன்றாவதும் நான்காவதும் நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். தவறு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

இனி ஒரு மாதிரிக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பதிவு அலுவலகம் திருத்தணி. பாரம்பரிய அரிசியும் மரச்செக்குக் கடலை எண்ணெயும் விற்கிறது. பதிவான நாள் 2024 ஆகஸ்ட் 12. கீழே வரும் தேதிகளும் கட்டணங்களும் அந்தக் கம்பெனியின் முதல் நிதியாண்டான 2024-25இன் விதிகள்படி. உங்கள் பதிவு நாளை வைத்து நீங்கள் எண்ணிக்கொள்ள வேண்டும். தொகைகளை அந்தந்த ஆண்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறந்த நாளிலிருந்து எண்ணுவது

முதல் 30 நாளுக்குள் இயக்குநர் குழு கூடி முதல் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். நம் கம்பெனிக்கு அது செப்டம்பர் 11.

அடுத்தது முதல் பேரவைக் கூட்டம். சாதாரணக் கம்பெனிக்கு இதில் நிறைய அவகாசம் உண்டு. உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு மட்டும் 90 நாள்தான். மற்றக் கம்பெனிகளைப் பார்த்துப் பழகியவர்கள் தவறவிடுவது இதைத்தான். நமக்குக் கடைசி நாள் நவம்பர் 10. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. ஆகவே தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அக்டோபர் 26 என்று வைப்பது நல்லது. 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எனவே அக்டோபர் 11இல் கடிதம் போயிருக்க வேண்டும். உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும். அப்போது 120 பேர் சேர்ந்திருந்தால் 30 பேர் வர வேண்டும். கூட்டம் பதிவு அலுவலகத்திலோ அதே ஊரிலோ, விடுமுறை அல்லாத நாளில், அலுவலக நேரத்தில் நடக்க வேண்டும். திருத்தணியில் ஆடிக் கிருத்திகை நாட்களிலும் டிசம்பர் 31 படித் திருவிழாவை ஒட்டியும் மண்டபமும் கிடைக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது. நாட்காட்டியில் அந்த நாட்களை முதலிலேயே அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, தொழில் தொடங்கும் அறிவிப்பு. INC-20A என்ற படிவம். 180 நாளுக்குள் போட வேண்டும். நமக்கு 2025 பிப்ரவரி 8. பதிவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் பங்குப் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இதில் இணைக்க வேண்டும். இந்தப் படிவம் போகாமல் கம்பெனி வியாபாரம் செய்யவோ கடன் வாங்கவோ கூடாது. சிக்கல் வருவது எங்கே என்றால், வங்கிக் கணக்கு திறக்கவே இரண்டு மூன்று மாதம் இழுத்துவிடும். அதற்குள் நவரை நடவு, பொங்கல் எல்லாம் வந்துவிடும். ஆகவே திட்டத்தில் "பிப்ரவரி 8" என்று எழுதாமல் "வங்கிக் கணக்கு: செப்டம்பர், பங்குப் பணம்: அக்டோபர், படிவம்: நவம்பர்" என்று மூன்று படியாக எழுத வேண்டும். அறுவடைக்கு முன் படிவம் போய்விட்டால் கொள்முதலைத் தயக்கமில்லாமல் தொடங்கலாம்.

தேதி மாறாமல் வருவது

இதில் புதுக் கம்பெனிகள் நம்பாதது ஒன்று உண்டு: லாபமே இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனிக்கு விதிப்படி அக்டோபர் 31. முதல் ஆண்டில் செக்கு வாங்கி நட்டம் வந்திருந்தால் இந்தத் தேதிக்கு இன்னும் மதிப்பு அதிகம். தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் அந்த வியாபார நட்டத்தைப் பின்வரும் ஆண்டுகளின் லாபத்தில் கழிக்கலாம். தவறவிட்டால் அது போச்சு.

அடுத்தது பிடித்த வரி. "நமக்கே வரி கிடையாது, நாம் ஏன் பிடிக்கணும்?" என்று கேட்பார்கள். பணம் கொடுக்கும்போது வரி பிடிப்பதற்கும் நம் லாபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆடிட்டர், கம்பெனி செயலர் போன்ற தொழில்முறை நபர் ஒருவருக்கு ஆண்டில் 60,000 ரூபாய் கட்டணம் கொடுத்தால் 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 54,000தான் கொடுக்க வேண்டும். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்தில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். பிறகு காலாண்டு அறிக்கை: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. அறிக்கை தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். அது பிடித்த வரித் தொகையைத் தாண்டாது. அதாவது 6,000க்கு இன்னொரு 6,000 வரை போகும்.

இயக்குநர் குழுக் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, ஆண்டில் நான்காவது நடக்க வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே நாட்காட்டியை முதல் பொருளாக வைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

நிகழ்விலிருந்து எண்ணுவது

2025 மார்ச் 31இல் முதல் நிதியாண்டு முடிகிறது. தணிக்கை செய்த கணக்கைப் பேரவையில் வைத்து ஏற்க வேண்டும். அதற்கு எல்லை செப்டம்பர் 30. நாம் செப்டம்பர் 27, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். இப்போது உறுப்பினர் 300 பேர், எனவே 75 பேர் வர வேண்டும். சொர்ணவாரி அறுவடையும் சம்பா நடவும் நடக்கும் நேரம் அது. வர மாட்டேன் என்பவரை வரவழைக்கும் வேலையையும் ஒருவர் பெயரில் எழுதுங்கள்.

இந்த ஒரு நாளிலிருந்துதான் மற்றவை பிறக்கின்றன. உற்பத்தியாளர் நிறுவனச் சட்டப்படி கூட்ட நடவடிக்கை, கணக்கு, ஆண்டு விவரம் எல்லாம் 60 நாளுக்குள் பதிவாளருக்குப் போக வேண்டும். நமக்கு நவம்பர் 26. AOC-4 என்ற கணக்குப் படிவத்துக்குப் பொதுவான கெடு 30 நாள், அதாவது அக்டோபர் 27. அந்த முந்தைய தேதியையே நாட்காட்டியில் எழுதினால் எந்தச் சர்ச்சையும் வராது. சில ஆண்டுகளில் அரசு கடைசி நாளைத் தள்ளிவைப்பதுண்டு. மழை வரும் என்று நம்பி மானாவாரி விதைப்பதுபோல் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

அடுத்து உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ். எண்ணெய் ஆட்டி விற்கும் நம் கம்பெனி 2024 அக்டோபர் 1இல் ஓராண்டு லைசென்ஸ் எடுத்தது என்றால் 2025 செப்டம்பர் 30இல் முடியும். ஆனால் புதுப்பிக்கும் கடைசி நாள் செப்டம்பர் 30 அல்ல. 30 நாளுக்கு முன்பே, ஆகஸ்ட் 31க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய். முடிந்தபின் போனால் ஆண்டுக் கட்டணத்தைப்போல் மூன்று மடங்கு, இன்னும் தாமதித்தால் ஐந்து மடங்கு. அந்த இடைவெளியில் எண்ணெய் விற்கவும் முடியாது. விண்ணப்பம் 180 நாளுக்கு முன்பே திறக்கிறது. எனவே ஏப்ரலில் கையில் பணம் இருக்கும்போதே முடித்துவிடலாம். இதே துறைக்கு லைசென்ஸ் உள்ள உற்பத்தியாளர் மே 31க்குள் ஆண்டு அறிக்கையும் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் புதுப்பித்தாயிற்றே என்று இதை மறப்பவர்கள் அதிகம்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை. இயற்கைச் சான்றிதழுக்கும் ஆண்டுப் புதுப்பித்தல் உண்டு. இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்து இரண்டு அல்லது மூன்று ஆண்டில் காலாவதியாகும். அது எந்த அரசுக் கெடுவும் அல்ல. ஆனால் செப்டம்பரில் அது செத்துப்போயிருந்தால் அக்டோபரில் ஒரு படிவமும் போகாது. இவை ஒவ்வொன்றும் முடியும் நாளைப் பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

வரம்பைத் தாண்டினால் முளைப்பது

திருத்தணிக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. 1960 ஏப்ரல் வரை நம் ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் நகரி, புத்தூர் சந்தைகள் நமக்குப் பக்கத்து ஊர்தான். ஜி.எஸ்.டி. கண்ணுக்கு அது வேறு மாநிலம்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் முதல் விற்பனைக்கு முன்பே பதிவு கட்டாயம். தொகை எவ்வளவு குறைவானாலும் சரி. சில்லறையாக அளந்து விற்கும் அரிசிக்கு வரியில்லை. அதே அரிசியை 25 கிலோ வரையிலான பையில் அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதம். கடலை எண்ணெய்க்கும் 5 சதம். ஆகவே வரியில்லாத அரிசி மூட்டை நகரிக்குப் போவதால் பதிவு தேவைப்படாது. பத்து லிட்டர் எண்ணெயை நகரி முகவரிக்குப் பில் போட்டு அனுப்பினால் தேவைப்படும். "நான் விவசாயி, எனக்கு விலக்கு உண்டு" என்பதும் இங்கே செல்லாது. அந்த விலக்கு தனி உழவருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும்தான், கம்பெனிக்கு அல்ல.

பதிவு எடுத்தபின் விற்பனை இல்லாத மாதத்துக்கும் அறிக்கை உண்டு. மாதந்தோறும் என்றால் 11ஆம் தேதி GSTR-1, 20ஆம் தேதி GSTR-3B. சிறு நிறுவனம் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13, 22 ஆகிய தேதிகள். இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கும் வரியை அடுத்த மாதம் 25க்குள் கட்டிவர வேண்டும். தொடர்ந்து இரண்டு அறிக்கைகள் போகாவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாமல் தடைவிழும். வண்டியில் சரக்கு ஏற்றியபிறகுதான் அது தெரியவரும்.

ஜி.எஸ்.டி.யில் பணம் எங்கே இடிக்கும் என்பதையும் பாருங்கள். ஒரு காலாண்டில் 2 லட்சத்துக்கு எண்ணெய் விற்றால் வாடிக்கையாளரிடம் வாங்கிய வரி 10,000. உழவரிடம் வாங்கிய கடலையில் ஜி.எஸ்.டி. இல்லை, எனவே அதில் கழிக்க ஒன்றுமில்லை. 20,000 ரூபாய்க்கு பாட்டில் வாங்கி 18 சதம் கட்டியிருந்தால் 3,600 கழிக்கலாம். மீதி 6,400 ரொக்கமாகக் கட்ட வேண்டும். அந்தத் தேதி கடலைக் கொள்முதல் நேரத்தில் வந்தால் வரிப்பணம் கடலையாக மாறிக் கிடங்கில் கிடக்கும். வாங்கிய வரியை வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுவதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

இன்னும் இரண்டு வரம்புகள். பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் வைப்பு நிதி. இரண்டும் அடுத்த மாதம் 15க்குள். கம்பெனி பதிவாகும்போதே இவற்றின் எண் கைக்கு வந்துவிடுவதால் உடனே பணம் கட்ட வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். கடமை தொடங்குவது ஆள் எண்ணிக்கை வரம்பைத் தொடும்போதுதான். அதேபோல் அறுவடைக் காலத்தில் எடுத்த கூலியாட்களால் எண்ணிக்கை கூடியதா என்பதை மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் கம்பெனியின் பக்கம்

திட்டத்தில் போக வேண்டிய பக்கம் இப்படி இருக்கும்:

- 2024 செப்டம்பர் 11: முதல் தணிக்கையாளர் நியமனம்
- அக்டோபர் 11: பேரவை அறிவிப்பு, அக்டோபர் 26: முதல் பேரவை (கெடு நவம்பர் 10)
- நவம்பர்: INC-20A (கெடு பிப்ரவரி 8)
- 2025 ஏப்ரல்: உணவு லைசென்ஸ் புதுப்பித்தல் (கெடு ஆகஸ்ட் 31)
- ஏப்ரல் 30: மார்ச்சில் பிடித்த வரி, மே 31: அதன் அறிக்கை, உணவுத்துறை ஆண்டு அறிக்கை
- ஜூலை: கணக்குப் புத்தகம் ஆடிட்டர் கைக்கு, டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை
- செப்டம்பர் 12: பேரவை அறிவிப்பு, செப்டம்பர் 27: பேரவை
- அக்டோபர் 27: AOC-4, அக்டோபர் 31: வருமான வரி
- நவம்பர் 26: ஆண்டு விவரப் படிவம்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: யார் பொறுப்பு, என்ன தாள் வேண்டும், எவ்வளவு பணம், எந்த ரசீது எண். கடைசிக் கட்டம் நிரம்பாத வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். "போட்டாச்சு" என்ற போன் பேச்சு ரசீது ஆகாது.

பணத்துக்கு மாதிரிக் கணக்கு: ஆடிட்டர், செயலர் கட்டணம் 60,000, லைசென்ஸ், முத்திரை, கையெழுத்துக்கு 20,000, கைக்காப்பு 16,000. மொத்தம் 96,000. மாதம் 8,000 என்று தனிக் கணக்கில் சேர்த்தால் செப்டம்பரில் கடலைக் கொள்முதல் பணத்தில் கைவைக்க வேண்டியிராது. உங்கள் ஊர் ஆடிட்டரிடம் விலை கேட்டு இந்தத் தொகைகளை மாற்றிக்கொள்ளுங்கள். நிர்வாக உதவி நிற்கும் ஆண்டிலும் இந்த வரி திட்டத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

சரியாக நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது

இதற்கு ஆடிட்டரைக் கேட்க வேண்டியதில்லை. mca.gov.in தளத்தில் கம்பெனியின் பெயரைக் கொடுத்தால் கடைசிப் பேரவை நடந்த நாளும் கடைசியாகத் தாக்கலான கணக்கின் தேதியும் தெரியும். எந்த உறுப்பினரும் பார்க்கலாம். 2025 டிசம்பரில் அங்கே 31/03/2025 என்ற கணக்குத் தேதி இல்லை என்றால் படிவம் போகவில்லை என்று பொருள். ஜி.எஸ்.டி. தளத்தில் நம் பதிவு எண்ணைப் போட்டால் எந்தக் காலத்துக்கான அறிக்கை எந்த நாளில் போனது என்ற பட்டியலே வரும்.

கடைசியாக ஒன்று. இந்தத் தளங்களுக்கான மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் யார் பெயரில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். துணை அமைப்பின் ஊழியர் பெயரில் இருந்தால், அவர் போன நாளிலிருந்து அரசு அனுப்பும் நினைவூட்டல் ஒன்றும் நமக்கு வராது. கம்பெனிப் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, இரண்டு இயக்குநர்கள் கையில் கடவுச்சொல் இருக்கும்படி மாற்றிவிட்டு, அதையும் அடுத்த குழுக் கூட்டத் தீர்மானத்தில் எழுதுங்கள்.